அம்மைக்கு ஆயுள், கொரோனாவுக்கு ஆறு மாதம்: ஏன் இந்த வித்தியாசம்?

1846 மார்ச் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறிய தச்சர் ஒருவர் ஃபரோ தீவுகளில் வந்து இறங்கினார். சில நாட்களில் அவருக்குத் தட்டம்மை போட்டது. 7,800 பேர்கூட இல்லாத அந்தத் தீவுக்கூட்டத்தில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேர் அம்மையில் படுத்தார்கள். நிலைமையைப் பார்த்துவர டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவர் 25 வயது பீட்டர் பானும். ஊர் ஊராகப் போய், யாருக்கு என்றைக்கு அம்மை கண்டது, அதற்கு முன் அவர் யாருடன் இருந்தார் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்புகளில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அப்போது அம்மை கண்டு பிழைத்த முதியவர்கள் ஒருவருக்கும் இந்த முறை அது வரவில்லை. அதே வயதில், 1781-இல் தப்பியிருந்தவர்களுக்கு இப்போது வந்தது. நடுவில் 65 ஆண்டுகள் அந்த வைரஸ் தீவுப்பக்கமே தலைகாட்டவில்லை, ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. இரண்டாவது, நோயாளியுடன் பழகிய நாளிலிருந்து மேலில் தடிப்பு தெரிய சுமார் 14 நாள் ஆகிறது என்பது.

முதல் விஷயத்துக்கு இரண்டாவதும் ஒரு காரணம் என்று பானுமுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு கொரோனா அலைகளில் இரண்டு முறை காய்ச்சலில் படுத்து, ‘ஊசி போட்டும் வருதே, ஒருமுறை வந்தும் மறுபடி வருதே’ என்று அலுத்துக்கொண்ட நமக்கு அந்தத் தொடர்பு தெரிந்திருப்பது நல்லது. எத்தனை காலம் நினைவு நிற்கிறது என்பதைப் பொறுத்து மட்டும் பாதுகாப்பு அமைவதில்லை. அந்த நினைவு விழித்தெழ வைரஸ் எத்தனை நாள் அவகாசம் தருகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆன்டிபாடியிலிருந்து தொடங்குவோம். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் புரதம். அதன் நுனியிலுள்ள ஒரு சிறு பகுதிதான் நம் செல்லின் மேலுள்ள ஏஸ்-2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. உடம்பு வைரஸுக்கு எதிராகப் பலவகை ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வைரஸின் ஏதோ ஓர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வைரஸ் அதையும் சுமந்துகொண்டு செல்லுக்குள் நுழைந்துவிடும். ஸ்பைக்கின் நுனி போன்ற முக்கியமான இடத்தை மறைத்து, நுழையவே விடாமல் செய்பவை சில. அவற்றைத்தான் நியூட்ரலைசிங் ஆன்டிபாடி, அதாவது வைரஸை முடக்கும் ஆன்டிபாடி என்கிறார்கள்.

ஒருவர் ரத்தத்தில் இந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது சாதாரண லேபில் நடக்கிற வேலை இல்லை. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, 56 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு அதை 20 மடங்கு, 80 மடங்கு, 320 மடங்கு, 1,280 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உயிருள்ள வைரஸைச் சேர்க்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கலவையை, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த வீரோ செல்கள் படர்ந்திருக்கும் தட்டில் ஊற்றி, மேலே கெட்டியான ஜெல்லால் மூடுகிறார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் போட்டால் உயிரோடிருக்கும் செல்கள் ஊதாவாகும். வைரஸ் தின்ற இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். பிறகு ஓட்டைகளை எண்ண வேண்டியதுதான்.

சீரம் சேர்க்காத தட்டில் 100 ஓட்டை விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மடங்கு நீர்த்த சீரத்தில் 3, 80 மடங்கில் 18, 320 மடங்கில் 50, 1,280 மடங்கில் 88. பாதி ஓட்டைகள் குறைந்த இடம் 320. அதுதான் அந்த மனிதரின் அளவு. இதே சீரத்தை 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கப் பகுதியில் கண்டறியப்பட்ட ஒமைக்ரானுக்கு எதிராக வைத்துப் பார்த்தபோது உலகெங்கும் ஆய்வகங்களில் அளவு 20 முதல் 40 மடங்கு சரிந்தது. நம் எடுத்துக்காட்டில் 320 என்பது 10 பக்கம் வந்து நிற்கும். ஒமைக்ரானின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி, செல்லைப் பிடிக்கும் அந்தச் சிறு நுனியிலேயே இருந்தன.

திரிபு எதுவும் வராவிட்டாலும் இந்த எண் குறையத்தான் செய்யும். ரத்தத்திலுள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். தொற்று வந்ததும் அவசரத்துக்குப் பெருகி ஆன்டிபாடியைக் கொட்டும் செல்கள் வேலை முடிந்ததும் செத்துப்போகும். அதனால் முதல் நாலைந்து மாதம் அளவு மளமளவென்று இறங்கும். 2020-இல் இதைப் பார்த்துத்தான் ‘எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் காணாமல் போகிறது’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லெபெடியின் குழு வேறு இடத்தில் தேடியது. லேசான கொரோனா வந்து தேறியவர்களிடம் ஏழெட்டு மாதம் கழித்து இடுப்பெலும்பின் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். 19 பேரில் 15 பேருக்கு, கொரோனாவுக்கான ஆன்டிபாடியை மெதுவாகச் சுரந்துகொண்டிருக்கும் நெடுநாள் செல்கள் அங்கே குடியேறியிருந்தன. முதலில் வேகமாக இறங்கிய அளவு பிறகு கிட்டத்தட்ட சமதளத்தில் நடக்க இவைதான் காரணம்.

அந்தச் சமதளம் போதுமா? ஆஸ்திரேலியாவில் டேவிட் கூரியும் மற்றவர்களும் 2021-இல் ஏழு தடுப்பூசிகளின் சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். நோயிலிருந்து தேறியவர்களின் சராசரி முடக்கும் ஆன்டிபாடி 100 என்றால், நோய் வருவதிலிருந்து பாதிக்குப் பாதி பாதுகாப்புக் கிடைக்க 20 வேண்டும். கடுமையான நோயிலிருந்து அதே அளவு பாதுகாப்புக்கு 3 போதும். 3 அளவு ஆன்டிபாடி தனியாக நின்று நுரையீரலைக் காப்பாற்றுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த 3 இருக்கும் உடம்பில் அதற்குப் பின்னால் வேறு இரண்டு படை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். அவை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வருவதில்லை.

முதலாவது, நினைவு பி செல்கள். தடுப்பூசி போட்ட மறுநாள் அக்குளில் நெறி கட்டியிருப்பது பலருக்கு நினைவிருக்கும். பயந்துபோய் டாக்டரிடம் ஓடியவர்களும் உண்டு. அந்த நெறிதான் பட்டறை. நிணநீர்க் கணுவுக்குள் பி செல்கள் பெருகும்போது, தங்கள் ஆன்டிபாடியின் மரபணுவில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்துகொள்ளும். மாறியதில் எது ஸ்பைக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறதோ அது பிழைக்கும், மற்றவை சாகும். இது ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டவர்களில் சிலருக்கு ஆறு மாதம்வரை இந்தப் பட்டறை ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் லா ஹோயா நிறுவனம் 188 பேரை ஆராய்ந்தபோது, ஸ்பைக்கை அடையாளம் காணும் நினைவு பி செல்கள் தொற்றுக்கு ஒரு மாதம் கழித்து இருந்ததைவிட ஆறு மாதம் கழித்து அதிகமாக இருந்தன. ஆன்டிபாடி இறங்கிய அதே காலத்தில் இவை ஏறியிருக்கின்றன. 1918 இன்ஃப்ளூயன்சாவைச் சின்ன வயதில் பார்த்து, 2008-இல் 90 தாண்டி உயிரோடிருந்தவர்களின் ரத்தத்திலும் அந்தப் பழைய வைரஸை முடக்கும் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் கிடைத்தன.

இரண்டாவது, டி செல்கள். இவை திரியும் வைரஸைப் பார்ப்பதே இல்லை, வைரஸ் புகுந்த செல்லைத்தான் பார்க்கும். நம் ஒவ்வொரு செல்லும் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை மேற்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. வாசலில் வைத்த குப்பைக் கூடையைப் பார்த்து அந்த வீட்டில் என்ன சமையல் என்று கண்டுபிடிப்பதுபோல, கொலைகார டி செல் அந்தத் துணுக்கைப் பார்த்து உள்ளே வைரஸ் இருப்பதைக் கண்டுகொண்டு செல்லையே அழித்துவிடும். உதவி டி செல் என்ற இன்னொரு வகை, பி செல்களைத் தட்டி எழுப்பும். ஒரு செல்லாவது பாதிக்கப்பட்ட பிறகே இவற்றுக்கு வேலை என்பதால் டி செல்லால் தொற்றைத் தடுக்க முடியாது. ஆனால் ஒமைக்ரான் வந்தபோது இவற்றின் மதிப்பு தெரிந்தது. ஸ்பைக் 1,273 அமினோ அமிலங்களால் ஆனது. டி செல் பார்க்கும் துணுக்கு ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து அமிலம்தான், அவை ஸ்பைக் முழுவதிலிருந்தும் வருகின்றன. முப்பது சொச்சம் இடம் மாறினாலும் பெரும்பாலான துணுக்குகள் பழையபடியே இருந்தன. முடக்கும் ஆன்டிபாடி இருபது மடங்கு சரிந்த இடத்தில் டி செல்களின் வேகம் 70 முதல் 80 சதவீதம் அப்படியே நின்றதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களின் டி செல்கள் 17 ஆண்டு கழித்தும் விழிப்போடு இருந்ததைச் சிங்கப்பூரில் அன்டோனியோ பெர்டொலெட்டியின் குழு கண்டது.

பானும் குறித்த 14 நாளின் பொருள் இனி எளிதாகப் பிடிபடும். உறங்கும் நினைவு பி செல் விழித்து, பெருகி, ஆன்டிபாடி கொட்டத் தொடங்க மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். தட்டம்மை வைரஸ் மூச்சு வழியாக நுழைந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் பரவித்தான் நோயாகிறது. இரண்டு வாரப் பயணம் அது. நினைவு உள்ள உடம்பு நடுவழியிலேயே அதை முடித்துவிடும். வந்தது கூடத் தெரியாது. தட்டம்மை வைரஸின் மேற்புரதமும் அதிகம் மாறுவதில்லை. இதற்கு மேல், தட்டம்மைக்கான ஆன்டிபாடி ரத்தத்தில் ஆயுள்காலத்தில் குறைவதே தெரியாத அளவுக்கு நிலையானது. மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன.

ஒமைக்ரானுக்கோ மூக்கிலும் தொண்டையிலும் பெருகி அறிகுறி காட்ட மூன்று நாள் போதும். நினைவு விழிப்பதற்குள் சளி பிடித்துவிடுகிறது. ஆக, முதல் மூன்று நாளுக்கு ஏற்கெனவே ரத்தத்திலும் மூக்கின் ஈரத்திலும் இருக்கும் முடக்கும் ஆன்டிபாடி மட்டுமே துணை. அது குறைந்திருந்தால், அல்லது திரிபைப் பிடிக்க முடியாததாக இருந்தால், காய்ச்சல் வரும். ஆனால் கொரோனா நுரையீரலுக்கு இறங்கி மூச்சுத்திணறலாவது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் பி செல்லும் டி செல்லும் வந்து சேர்ந்துவிடும். ‘ஊசி போட்டும் கொரோனா வந்தது, ஆனால் மூணு நாளில் சரியாகிவிட்டது’ என்று தெருவுக்குத் தெரு கேட்ட வாக்கியத்தின் அறிவியல் இதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ஒமைக்ரானே சாதுவான திரிபு, அதனால்தான் 2022 ஜனவரி அலையில் இந்தியாவில் சாவு குறைந்தது என்பார்கள். பாதி உண்மை. ஒமைக்ரான் நுரையீரலில் டெல்டா அளவுக்கு வேகமாகப் பெருகுவதில்லை. ஆனால் ஹாங்காங்கைப் பாருங்கள். இரண்டு ஆண்டு கதவை அடைத்து வைத்து, 200 சொச்சம் சாவோடு தப்பியிருந்த ஊர். முதியவர்களில் பெரும்பகுதியினர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, தொற்றையும் பார்த்ததில்லை. 2022 பிப்ரவரி, மார்ச்சில் அதே ஒமைக்ரான் புகுந்தபோது 74 லட்சம் பேர் உள்ள அந்த நகரத்தில் ஒரே அலையில் 9,000 பேருக்குமேல் இறந்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் முறையாகத் தடுப்பூசி போடாத முதியவர்கள். நினைவே இல்லாத உடம்பில் சாதுவான திரிபும் சாதுவாக நடந்துகொள்ளாது.

சரி, நினைவு தொற்றிலிருந்து வந்தால் என்ன, ஊசியிலிருந்து வந்தால் என்ன? வித்தியாசம் இருக்கிறது, அது இரு பக்கமும் வெட்டும். தொற்று மூக்கு வழியாக வருவதால் மூக்கின் சவ்விலேயே ஐஜிஏ என்ற ஆன்டிபாடியும், நுரையீரலிலேயே தங்கிவிடும் டி செல்களும் உண்டாகும். கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜியை ஏராளமாகத் தரும், மூக்கு வாசலுக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேரும். தொற்று வந்த உடம்பு வைரஸின் எல்லாப் புரதங்களையும் பார்த்திருக்கும். கோவிஷீல்டு போன்றவை ஸ்பைக்கை மட்டுமே காட்டும். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்று தயாரித்தது, ஆகவே உள்ளிருக்கும் என்-புரதத்தையும் காட்டும்.

தொற்றின் பலவீனம், அதை அளந்து கொடுக்க முடியாதது. ஒருவருக்கு வைரஸ் அதிகம் ஏறி நெடுநாள் படுத்து நல்ல நினைவு உண்டாகும், இன்னொருவருக்கு லேசாக வந்து ஆன்டிபாடியே தெரியாமல் போகும். ஊசியில் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே புரதம், தெரிந்த இடைவெளி. தொற்று கேட்கும் விலையோ பெரியது. தட்டம்மை இதற்கு விபரீதமான உதாரணம். அந்த வைரஸ் நினைவு செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிப்பது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராகக் குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம்வரை அழிந்துபோயிருந்தன. தட்டம்மைக்கு ஆயுள் பாதுகாப்பு வாங்கிக்கொண்டு, மற்ற நோய்களுக்கான சேமிப்பைப் பறிகொடுத்த கணக்கு. தடுப்பூசியிலுள்ள பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ் இந்த அழிவைச் செய்வதில்லை. ‘வந்து போகட்டும், அதுதான் இயற்கை’ என்பவர்களிடம் நான் சொல்லிக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

கொரோனாவில் நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்தே கிடைத்துவிட்டது. தொற்றும் ஊசியும் இரண்டும் பார்த்த உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது. ஒமைக்ரான் காலத்து ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த கணக்குப்படி, தொற்று மட்டும் வந்தவர்களுக்கு ஓராண்டு கழித்து மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கிடைத்த பாதுகாப்பு சுமார் 75 சதவீதம். தொற்றோடு ஊசியும் பார்த்தவர்களுக்கு 97. ஆனால் மறுபடி தொற்று வராமல் இருப்பதில் முதல் பிரிவுக்கு 25, இரண்டாவதுக்கு 42 சதவீதம்தான். வாசலில் தடுப்பது எப்போதும் சீக்கிரம் தேய்கிறது, உள்ளே காப்பது நிற்கிறது.

எனவே லேபில் காசு கொடுத்து எடுக்கும் ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது அளப்பது பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை, முடக்கும் ஆன்டிபாடியை அல்ல. ஒரு கம்பெனியின் கிட் காட்டும் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது. என்-புரத ஆன்டிபாடி இருந்தால் தொற்று வந்து போனதற்கு அடையாளம். கோவாக்சின் போட்டவருக்கு அந்த அடையாளமும் நம்பகமில்லை. எலும்பு மஜ்ஜையில், நெறியில், நுரையீரலில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

இந்த ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. ரிடுக்ஸிமாப் என்ற மருந்து சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது. அது பி செல்களையே அழிப்பதால், அதற்குப் பின் சில மாதங்கள்வரை எந்த ஊசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக உண்டாகாது. டி செல்கள் மட்டும் உண்டாகும், அவையே இவர்களில் பலரைக் காப்பாற்றியும் இருக்கின்றன. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் சாப்பிடும் மருந்துகள் டி செல்களையும் சேர்த்து அமுக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படியொரு சிகிச்சை தொடங்கப் போகிறதென்றால், முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே எந்தெந்தத் தடுப்பூசியைப் போட்டு முடிக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.